ஊரில் குறிக்கும் நாளும் லண்டனில் கட்டும் காசும்: பாடசாலை விடுமுறையில் நால்வர் பயணம்

புலம்பெயர்ந்த குடும்பம் ஒன்று ஊருக்குப் போகும் திகதியைப் பெரும்பாலும் மூன்று பேர் தீர்மானிக்கிறார்கள். முதலாமவர் பிள்ளைகளின் பாடசாலை. இரண்டாமவர் விமான நிறுவனம். மூன்றாமவர் ஊரில் இருந்து கலியாணத்துக்கோ திவசத்துக்கோ திருவிழாவுக்கோ நாள் சொல்லும் அம்மா அல்லது மாமா. இந்த மூவரும் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. அதனால் வரும் செலவைச் சுமப்பவர் நான்காமவர், அதாவது ரிக்கற்றுக்குக் காசு கட்டும் தகப்பனோ தாயோ.

லண்டனில் தமிழர்கள் செறிந்து வாழும் பகுதி ஒன்றில் பயண முகவர் நிலையத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். என் மேசைக்கு முன்னால் வந்து அமர்பவர்களில் அதிகமானோர் நான்கு பேர் கொண்ட குடும்பங்கள்: தாய், தகப்பன், பாடசாலை செல்லும் இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு இது உல்லாசப் பயணம் அல்ல. போரால் பிரிந்த குடும்பம் சில கிழமைகள் ஒரே கூரையின் கீழ் இருப்பதற்கான வழி அது. விலை கூடினால் நால்வர் போக வேண்டிய இடத்துக்கு ஒருவர் மட்டும் போகிறார். பேரப்பிள்ளைகள் அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறார்கள். ஊரில் வயது போனவர்களுக்கு அந்த ஒரு வருடம் சின்ன விடயம் அல்ல.

இந்தக் கட்டுரை இங்கிலாந்தில் இருந்து இலங்கைக்குக் கோடை விடுமுறையில் போகும் குடும்பங்களைப் பற்றியது. இதைப் புலத்தில் இருப்பவர்கள் மட்டுமல்ல, ஊரில் இருந்து நாள் குறிப்பவர்களும் வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஏன் என்பது போகப் போக விளங்கும்.

விலை மலை போன்றது, அதற்கு இரண்டு உச்சிகள்

இங்கிலாந்தின் அரச பாடசாலைகள் பொதுவாக ஜூலை நான்காம் வாரம் அளவில் மூடி, செப்டெம்பர் முதல் வாரத்தில் திறக்கின்றன. இந்த ஆறு கிழமையும் விலை ஒரே உயரத்தில் இருக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. லண்டனில் இருந்து கொழும்பு போகும் பக்கத்துக்கு ஒரு உச்சி இருக்கிறது. கொழும்பில் இருந்து லண்டன் திரும்பும் பக்கத்துக்கு வேறொரு உச்சி இருக்கிறது.

போகும் பக்கத்தின் உச்சி, பாடசாலை மூடிய நாளில் இருந்து ஓகஸ்ட் முதல் வாரம் வரை. எல்லோரும் விடுமுறை தொடங்கியவுடன் வெளிக்கிட விரும்புகிறார்கள். அதிலும் மூடிய பின் வரும் முதல் வெள்ளி, சனி ஆகிய நாட்கள்தான் மிக உயரம். திரும்பும் பக்கத்தின் உச்சி, ஓகஸ்ட் கடைசிப் பத்து நாட்கள். இங்கிலாந்தில் ஓகஸ்ட் மாதக் கடைசித் திங்கள் பொது விடுமுறை என்பதால், அதற்கு முந்திய வெள்ளியில் இருந்து அந்தத் திங்கள் வரை லண்டன் வந்து சேரும் விமானங்கள் நிரம்பி வழியும்.

எனவே ஜூலை கடைசியில் போய் ஓகஸ்ட் கடைசியில் திரும்பும் குடும்பம் இரண்டு உச்சிகளிலும் ஏறுகிறது. ஒன்றையாவது தவிர்த்தால் செலவு இறங்கும். எதைத் தவிர்ப்பது நல்லது என்பதற்கும் விடை இருக்கிறது.

பல விமான நிறுவனங்கள் போய்வரும் ரிக்கற்றின் பருவத்தை, அதாவது அது உச்சப் பருவக் கட்டணமா சாதாரணக் கட்டணமா என்பதை, முதலில் புறப்படும் நாளை வைத்தே தீர்மானிக்கின்றன. திரும்பும் நாள் அதன் பிறகுதான் கணக்கில் வருகிறது. இந்த விதி ரிக்கற்றின் கட்டண நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்கும். முகவரிடம் கேட்டால் எடுத்து வாசித்துச் சொல்வார். அதனால் பெரும்பாலும் பெரிய இறக்கத்தைத் தருவது புறப்படும் நாளைத் தள்ளுவதுதான்.

முன்னே போவதா, பின்னே போவதா?

உச்ச வாரங்களுக்குச் சற்று வெளியே என்றதும் பெற்றோருக்கு முதலில் தோன்றுவது, பாடசாலை மூடுவதற்கு ஒரு கிழமை முன்னரே போய்விடலாம் என்பது. 'கடைசிக் கிழமையிலை என்ன படிப்பு, படம்தானே போட்டுக் காட்டீனம்' என்று சொல்வார்கள்.

ஆனால் அந்தக் கிழமையில் விலை அவர்கள் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறைவதில்லை. காரணம் எளிது. விமான நிறுவனம் உங்கள் பிள்ளையின் பாடசாலையை மட்டும் பார்த்து விலை வைப்பதில்லை. ஸ்கொட்லாந்துப் பாடசாலைகள் ஜூன் கடைசியிலேயே மூடிவிடுகின்றன. இங்கிலாந்தின் தனியார் பாடசாலைகள் பல ஜூலை முதற்பாதியில் மூடுகின்றன. லெஸ்டர் பகுதியின் கோடை விடுமுறையும் மற்றைய இடங்களை விட முன்னதாகவே தொடங்குகிறது. ஆகவே உச்சப் பருவக் கட்டணம் ஜூலை தொடக்கத்திலோ நடுப்பகுதியிலோ ஏற்கெனவே தொடங்கியிருக்கும். மலையின் முன்சரிவு பிள்ளைகளின் தவணைக்குள் கிடக்கிறது. அங்கே போக வேண்டுமானால் ஒரு கிழமை அல்ல, மூன்று கிழமை பாடசாலையை இழக்க வேண்டும்.

பின்சரிவு அப்படி அல்ல. அது விடுமுறைக்கு உள்ளேயே இருக்கிறது. ஓகஸ்ட் இரண்டாம் வாரம் அளவில் லண்டனில் இருந்து புறப்படும் பக்கத்தின் விலை இறங்கத் தொடங்கும். ஒரு நிறுவனத்தில் அது 9ஆம் திகதியாக இருக்கலாம், இன்னொன்றில் 16ஆம் திகதியாக இருக்கலாம். அப்போது பிள்ளைகளுக்கு இன்னும் மூன்று கிழமை விடுமுறை மிச்சம் இருக்கும். ஒரு நாள் பாடசாலையும் போகாது.

அந்த எல்லை எந்த நாளில் விழுகிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். இணையத்தளத்தில் திரும்பும் நாளை ஒரே நாளாக வைத்துக்கொண்டு, புறப்படும் நாளை மட்டும் ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பாருங்கள். ஒரு நாளில் விலை சட்டென்று இறங்கி, அதற்குப் பிறகு வரும் நாட்களிலும் இறங்கியே நின்றால் அதுதான் பருவத்தின் எல்லை. அது நிலையானது, அதை நம்பித் திட்டம் போடலாம். மாறாக, ஒரு நாள் குறைந்து மறுநாள் கூடி மறுபடி குறைந்தால் அது பருவம் அல்ல. அந்தந்த விமானத்தில் எத்தனை மலிவு இருக்கைகள் மிச்சம் என்பதைத்தான் அது காட்டுகிறது. அது நாளை மாறிவிடும். பிறகு புறப்படும் நாளை நிலையாக வைத்து, திரும்பும் நாளைத் தள்ளி இதையே செய்து பாருங்கள். அரை மணித்தியால வேலை. ஆனால் எந்த உச்சியில் உங்கள் காசு போகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

தண்டப்பணத்தையும் கணக்கில் எடுங்கள்

இங்கிலாந்தில் 2013 செப்டெம்பரில் இருந்து, விதிவிலக்கான சூழ்நிலை இல்லாமல் தவணைக் காலத்தில் விடுப்புக் கொடுக்க தலைமையாசிரியருக்கு அதிகாரம் இல்லை. விமான விலை குறைவு என்பது விதிவிலக்கான சூழ்நிலை அல்ல. வைற் தீவைச் சேர்ந்த ஒரு தகப்பன் தொடர்பான வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் இதை உறுதிப்படுத்தியது. பிள்ளை மற்ற நாட்களில் ஒழுங்காகப் போயிருந்தாலும், பாடசாலையின் விதிக்கு மாறாக எடுத்த விடுப்பு விதிமீறல்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

2024 ஓகஸ்டில் இருந்து தண்டப்பணம் கூடியிருக்கிறது. பத்துப் பாடசாலைக் கிழமைகளுக்குள் ஐந்து நாட்கள், அதாவது பத்து அரைநாள் அமர்வுகள், அனுமதியின்றித் தவறினால் தண்டம் விதிப்பதைப் பற்றிப் பாடசாலை ஆராய வேண்டும். அந்த ஐந்து நாட்களும் தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை. தண்டம் 21 நாட்களுக்குள் கட்டினால் 80 பவுண், அதன் பின் 28 நாட்களுக்குள் என்றால் 160 பவுண். பலர் கவனிக்காத விடயம், இது ஒரு குடும்பத்துக்கான தொகை அல்ல. ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. இரண்டு பெற்றோர், இரண்டு பிள்ளைகள் என்றால் நான்கு தண்டங்கள். 80 பவுண் படி 320 பவுண்.

மூன்று வருடங்களுக்குள் அதே பிள்ளைக்காக இரண்டாம் முறை தண்டம் வந்தால் 80 என்ற சலுகை கிடையாது, நேரடியாக 160. நால்வர் குடும்பத்துக்கு அது 640 பவுண். மூன்றாம் முறை தண்டச்சீட்டே வராது. வழக்குத் தொடர்வது போன்ற வேறு நடவடிக்கைக்குப் போகும். நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் கண்டால் அபராதம் 2,500 பவுண் வரை போகலாம். தண்டச்சீட்டைக் காலத்துக்குள் கட்டினால் விடயம் அத்தோடு முடிந்துவிடும், அது குற்றத்தீர்ப்பு அல்ல. ஆனால் நீதிமன்றத் தீர்ப்பு வந்தால் குடியுரிமை விண்ணப்பத்தில் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். இன்னும் நிரந்தரக் குடியுரிமை எடுக்காத எங்கள் குடும்பங்களுக்கு இது சிறு விடயம் அல்ல.

ஸ்கொட்லாந்தில் இந்தத் தண்டச்சீட்டு முறை இல்லை. வேல்சில் தொகை வேறு. இங்கிலாந்திலும் கட்டாயக் கல்வி வயது, ஐந்து வயது நிறைந்த பின் வரும் தவணையில் இருந்துதான் தொடங்குகிறது. ஆகவே அதற்குக் குறைந்த பிள்ளைக்கு இந்தத் தண்டம் இல்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இங்கே வரும் ரிக்கற் விலைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்த முழு எண்கள். எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல. உங்கள் எண்களை இதே இடங்களில் போட்டுப் பாருங்கள்.

தாய், தகப்பன், 13 வயது மகள், 9 வயது மகன். 2026 கோடை. பாடசாலை ஜூலை 22 புதன்கிழமை மூடுகிறது. மகளின் பாடசாலை செப்டெம்பர் 2 புதன்கிழமை திறக்கிறது, மகனுடையது ஒரு நாள் பிந்தி. மகளுக்கு 12 வயது கடந்துவிட்டதால் வளர்ந்தவர் கட்டணம். மகனுக்குச் சிறுவர் கட்டணம், அது வளர்ந்தவர் விலையில் ஐந்தில் நான்கு பங்கு என்று வைப்போம்.

முதல் வழி, ஜூலை 24 வெள்ளி போய் ஓகஸ்ட் 28 வெள்ளி திரும்புவது. இரண்டு உச்சிகளும். வளர்ந்தவருக்கு 1,100 பவுண் என்றால் மூவருக்கு 3,300. மகனுக்கு 880. மொத்தம் 4,180 பவுண்.

இரண்டாம் வழி, ஒரு கிழமை முன்னதாக ஜூலை 15 புதன் இரவு புறப்பட்டு ஓகஸ்ட் 12 திரும்புவது. திரும்பும் பக்கம் மலிவு, ஆனால் புறப்படும் நாள் ஏற்கெனவே உச்சப் பருவத்துக்குள். வளர்ந்தவருக்கு 1,000 பவுண் என்றால் நால்வருக்கும் 3,800. முதல் வழியை விட 380 பவுண் குறைவு. ஆனால் ஜூலை 16, 17, 20, 21, 22 என ஐந்து பாடசாலை நாட்கள் போகின்றன. சரியாகப் பத்து அமர்வுகள். 320 பவுண் தண்டம் வந்தால் மிச்சம் 60 பவுண். பிள்ளைகளின் வரவுப் பதிவிலும் அடி விழுந்திருக்கும். அடுத்த மூன்று வருடத்துக்கு முதல் தண்டம் பதிவாகியும் இருக்கும்.

மூன்றாம் வழி, ஜூலை 24 போய் ஓகஸ்ட் 13 திரும்புவது. போகும் உச்சியில் ஏறி, திரும்பும் உச்சியைத் தவிர்ப்பது. வளர்ந்தவருக்கு 1,000 என்றால் அதே 3,800 பவுண். தண்டம் இல்லை. ஆடி மாதத்தில் திவசம் போன்ற மாற்ற முடியாத நாள் உள்ளவர்களுக்கு இதுவே வழி.

நான்காம் வழி, ஓகஸ்ட் 11 செவ்வாய் போய் செப்டெம்பர் 1 செவ்வாய் திரும்புவது. போகும் உச்சி முடிந்துவிட்டது. திரும்பும் உச்சியின் மிக உயரமான கடைசி வார இறுதியும் கடந்துவிட்டது. வளர்ந்தவருக்கு 830 என்றால் மூவருக்கு 2,490, மகனுக்கு 664. மொத்தம் 3,154 பவுண். முதல் வழியை விட 1,026 பவுண் குறைவு, ஒரு பாடசாலை நாளும் போகவில்லை.

இதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. முதல் வழியில் ஐந்து கிழமை ஊரில் நிற்கலாம். நான்காம் வழியில் மூன்று கிழமைதான். அம்மம்மாவோடு இருக்கும் இரண்டு கிழமையைத்தான் அந்த ஆயிரம் பவுணுக்கு விற்கிறோம். வேலையில் மூன்று கிழமைக்கு மேல் லீவு எடுக்க முடியாதவர்களுக்கு அது இழப்பே அல்ல. மற்றவர்கள் தங்கள் நிலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இன்னொன்று, செப்டெம்பர் 1 மாலை வந்திறங்கி மறுநாள் காலை மகள் பாடசாலைக்குப் போக வேண்டும். விமானம் ஒரு நாள் பிந்தினால் முதல் நாளே விடுப்பாகிவிடும். அதைத் தாங்க முடியாது என்று நினைப்பவர்கள் ஓகஸ்ட் 26, 27 போன்ற வாரநடு நாளில் திரும்பும் விலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். வார இறுதியை விட அது இறங்கியிருக்கும்.

நால்வருக்காகத் தேடும்போது வரும் சிக்கல்

ஒரு விமானத்தின் சாதாரண வகுப்பு இருக்கைகள் எல்லாம் ஒரே விலை அல்ல. அவை பல விலைப் படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மலிவுப் படியில் மூன்று இருக்கைகள் மட்டும் மிச்சம் இருக்கும்போது நீங்கள் நால்வருக்காகத் தேடினால், கணினி மூவருக்கு மலிவும் ஒருவருக்குக் கூடிய விலையும் காட்டாது. பெரும்பாலும் நால்வரையும் அடுத்த படிக்கு ஏற்றிவிடும். உச்ச வாரங்களுக்கு அருகில் இது அடிக்கடி நடக்கும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். நால்வருக்காகப் பார்த்த அதே விமானத்தை ஒருவருக்காகவும், பின் இருவருக்காகவும் மூவருக்காகவும் பாருங்கள். ஆள் ஒன்றுக்கான விலை எந்த இடத்தில் கூடுகிறதோ அங்கே மலிவுப் படி முடிந்துவிட்டது என்று அர்த்தம். படிகளுக்கு இடையில் 80 பவுண் வித்தியாசம் என்றால், மூவரை ஒரு பதிவிலும் ஒருவரை இன்னொரு பதிவிலும் போட்டால் ஏறக்குறைய 240 பவுண் மிஞ்சும்.

பிரிக்கும்போது பிள்ளைகள் எப்போதும் ஒரு பெரியவரின் பதிவிலேயே இருக்க வேண்டும். தனியாகப் போடுவது தாயையோ தகப்பனையோதான். விமான நேரம் மாற்றப்பட்டால் இரண்டு பதிவுகளையும் ஒன்றாக மாற்ற நிறுவனத்துக்குக் கடமை இருக்காது. ஆகவே இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துக் குறிப்பெழுதும்படி முகவரிடமோ நிறுவனத்திடமோ கேளுங்கள். வித்தியாசம் சிறிது என்றால், ஒரே பதிவில் இருப்பதே நிம்மதி.

பிள்ளைகளின் வயதும் திகதியோடு பிணைந்தது. சிறுவர் கட்டணம் பொதுவாக 2 முதல் 11 வயது வரை. பயணம் தொடங்கும் நாளில் என்ன வயது என்பதே பொதுவான அளவுகோல். ஓகஸ்ட் 5 இல் 12 வயது நிறையும் பிள்ளை ஜூலை 30 போனால் சிறுவர், ஓகஸ்ட் 11 போனால் வளர்ந்தவர். அந்த வித்தியாசத்தையும் கணக்கில் சேருங்கள். ஊரில் நிற்கும்போது இரண்டு வயது நிறையும் குழந்தைக்குத் திரும்பும் பயணத்தில் தனி இருக்கை வேண்டும். இதை விமான நிலையத்தில் அறிய நேர்ந்தால் அன்றைய விலையில்தான் இருக்கை கிடைக்கும். அதோடு, பிரித்தானியாவில் இருந்து சாதாரண வகுப்பில் புறப்படும் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு விமானப் பயணிகள் வரி இல்லை. 13 வயது மகள் வளர்ந்தவர் கட்டணம் கட்டினாலும் இந்த வரி அவளுக்கு வராது. பிறந்த திகதியைச் சரியாகக் கொடுத்தால் அது தானாகவே கழிந்துவிடும். விலைப்பட்டியலில் ஒருமுறை பார்த்து உறுதிசெய்யுங்கள்.

பாடசாலையின் உண்மையான நாட்காட்டி

மாநகர சபை வெளியிடும் தவணைத் திகதிகளை மட்டும் நம்பி ரிக்கற் போடாதீர்கள். இங்கிலாந்துப் பாடசாலைகளில் வருடத்துக்கு வழமையாக ஐந்து நாட்கள் ஆசிரியர் பயிற்சி நாட்கள். அன்று பிள்ளைகள் வரத் தேவையில்லை. அவற்றில் ஒன்றோ இரண்டோ பெரும்பாலும் செப்டெம்பர் தொடக்கத்தில் வரும். சில பாடசாலைகள் ஒன்றை ஜூலை கடைசியிலும் வைக்கும். சபையின் பட்டியலில் செப்டெம்பர் 1 என்று இருக்கும், உங்கள் பிள்ளைக்கு உண்மையில் 3ஆம் திகதிதான் பாடசாலை. திரும்பும் உச்சிக்கு வெளியே வருவதற்கு அந்த இரண்டு நாளே போதுமாக இருக்கும்.

ஆரம்பப் பாடசாலையிலும் இடைநிலைப் பாடசாலையிலும் பிள்ளைகள் இருந்தால் இரண்டு நாட்காட்டிகளையும் எடுத்து, பிந்தி மூடும் நாளையும் முந்தித் திறக்கும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். செப்டெம்பரில் ஏழாம் ஆண்டுக்குப் புதிதாகப் போகும் பிள்ளை இருந்தால் இன்னும் கவனம். பல பாடசாலைகள் அவர்களை மற்ற வகுப்புகளுக்கு ஒரு நாள் முன்னதாக அழைக்கும்.

ஊரில் இருந்து நாள் குறிப்பவர்களுக்கு

இப்போது மூன்றாமவரிடம் வருகிறேன். நான் கண்டவரை நால்வர் குடும்பத்தின் செலவை மிக அதிகம் மாற்றக்கூடியவர் இவர்தான்.

சில நாட்களை மாற்ற முடியாது. திவசம் திதியோடு வருவது. அந்தியேட்டி முப்பத்தொராம் நாள். அவற்றில் விலையைப் பற்றிக் கதைக்க எதுவும் இல்லை. ஆனால் கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, வீடு குடிபுகுதல் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நல்ல நாட்களில் ஒன்றைத் தெரிவு செய்கிறோம். அந்தத் தெரிவு ஊரில் நடக்கிறது.

இதில் எங்கள் வழக்கமே எங்களுக்கு உதவியாக இருக்கிறது. ஆடியில் கலியாணம் வைப்பதில்லை. ஆடி ஜூலை நடுப்பகுதியில் தொடங்கி ஓகஸ்ட் நடுப்பகுதியில் முடிகிறது. விமான விலையின் முதல் உச்சி அப்படியே அந்த மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது. 2026 இல் ஆவணி முதலாம் நாள் ஓகஸ்ட் 17. ஓகஸ்ட் 11 அளவில் மலிவாகப் புறப்படும் குடும்பம் ஒரு கிழமை ஊரில் களைப்பாறி, சேலை எடுத்து, சொந்தங்களைப் பார்த்து, ஓகஸ்ட் 20 இற்கும் 27 இற்கும் இடையில் வரும் முகூர்த்தத்தில் நிற்கலாம். அதே கலியாணத்தை ஓகஸ்ட் 30 ஞாயிறு வைத்தால், பாடசாலைக்கு முன் திரும்புவதற்கு 31ஆம் திகதியும் 1ஆம் திகதியும் மட்டும்தான் மிச்சம். நாலாம் சடங்குக்கும் நிற்க முடியாது. அப்படியான நாட்களில்தான் 'நான் மட்டும் வந்திட்டுப் போறன் அம்மா, பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம்' என்ற பதில் லண்டனில் இருந்து வருகிறது.

நல்லூர்த் திருவிழாவும் அப்படித்தான். இருபத்தைந்து நாள் திருவிழா ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடிகிறது. சந்திரனை வைத்து வருவதால் ஆங்கிலத் திகதி வருடத்துக்கு வருடம் மாறும். 2025 இல் தேர் ஓகஸ்ட் 21. ஓகஸ்ட் இரண்டாம் வாரத்தில் போனவர்கள் தேரையும் கண்டு விடுமுறைக்குள் திரும்பினார்கள். 2026 இல் ஆடி அமாவாசையே ஓகஸ்ட் 12 இல் வருவதால், தேரும் தீர்த்தமும் செப்டெம்பர் இரண்டாம் வாரத்துக்குப் போகின்றன. அப்போது இங்கிலாந்துப் பாடசாலைகள் திறந்துவிடும். கொடியேற்றத்தையும் முதல் இரண்டு கிழமைத் திருவிழாக்களையும் காணலாம், தேரைக் காண முடியாது. 'தேருக்கு வாங்கோ' என்று சொல்லும் முன் அந்த வருடத்துத் திகதியைப் பாருங்கள். தேரை நம்பி ரிக்கற் போட்ட பின் திகதியை மாற்றினால், மாற்றக் கட்டணமும் அன்றைய விலை வித்தியாசமும் நான்கு பேருக்கும் தனித்தனியாக வரும்.

ஆகவே ஐயரிடம் நாள் கேட்கப் போகும் முன், லண்டனுக்கு ஒரு அழைப்பு எடுங்கள். மூன்று விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பிள்ளைகளின் பாடசாலை எந்த நாள் மூடி எந்த நாள் திறக்கிறது, எந்த நாளில் இருந்து புறப்படும் விலை இறங்குகிறது, பெற்றோருக்கு வேலையில் எத்தனை நாள் லீவு. விமானங்கள் ஏறக்குறைய பதினொரு மாதத்துக்கு முன்பே விற்பனைக்கு வந்துவிடுவதால், முதல் வருட ஆவணியில் கேட்டாலே அடுத்த ஆவணிக்கான எல்லையை ஓரளவு பார்த்துச் சொல்ல முடியும். அந்த மூன்று பதில்களையும் ஐயரின் முன் வைத்து, அவற்றுக்குள் வரும் முகூர்த்தத்தைக் கேளுங்கள்.